வெட்டிவேர் கிரீமில் பிரிசர்வேட்டிவ் போட்டும் பூஞ்சணம் வந்தது ஏன்?

வெட்டிவேர்க்காரி, 6 மே 2024

செங்காங்கில் உள்ள எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் வெட்டிவேர் கிரீம் செய்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். தீபாவளிச் சந்தையில் ஒரு சிறு கடை போடும் எண்ணம் இருந்ததால் ஏப்ரல் மாதம் 500 கிராம் செய்து 14 டப்பாக்களில் நிரப்பினேன். பத்தொன்பதாம் நாள் ஒருவர் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூடியின் உட்பக்கத்தில் கடுகளவில் சாம்பல் பச்சை நிறப் புள்ளிகள் ஏழெட்டு இருந்தன. முகர்ந்தபோது ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தது போன்ற வாடை வந்தது. மற்ற 13 டப்பாக்களையும் அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவற்றுள் நான்கில் அதே புள்ளிகள் இருந்தன.

நான் பிரிசர்வேட்டிவ் போடாமல் செய்யவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத செய்தி. வெட்டிவேரை ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீர் 370 கிராம், கிளிசரின் 20, பாதாம் எண்ணெய் 60, எமல்சிஃபையிங் வாக்ஸ் 30, சீட்டைல் ஆல்கஹால் 10, வைட்டமின் ஈ 5, சோடியம் பென்சோயேட் 2.5, நறுமண எண்ணெய் 2.5 கிராம் என எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். பென்சோயேட் அரை விழுக்காடு வருகிறது. அந்தப் பொருளை விற்ற கடையில் அதுவே போதும் என்று சொன்னார்கள். பிறகு எங்கே தவறியது?

தேன்மெழுகு, 6 மே 2024

நான் ஆறு ஆண்டுகளாகத் தேன்மெழுகு பாம் செய்கிறேன், ஒரு டப்பாவில்கூடப் பூஞ்சணம் வந்ததில்லை. உங்கள் கிரீமில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிறது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வைட்டமின் ஈ அளவை இரு மடங்காக்கி, கிரேப்ஃபுரூட் விதைச் சாறும் சில சொட்டு சேர்த்துப் பாருங்கள். இயற்கையான வழி இருக்கும்போது பென்சோயேட் எதற்கு?

பழைய ஆய்வகம், 7 மே 2024

நான் ஜூரோங்கில் உள்ள ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நீண்ட காலம் நுண்ணுயிர்ச் சோதனை செய்து ஓய்வு பெற்றவன். விடை சொல்வதற்கு முன் மூன்று செய்திகள் எனக்குத் தெரிய வேண்டும், அம்மா. முடிந்த கிரீமின் பிஎச் எவ்வளவு? டப்பாவில் நிரப்பும்போது கிரீம் எவ்வளவு சூடாக இருந்தது? புள்ளிகள் மூடியில் மட்டும் இருந்தனவா, கிரீமின் மேற்பரப்பிலும் இருந்தனவா?

பிஎச் தாளைக் கிரீமின்மேல் அப்படியே ஒட்டிப் பார்க்காதீர்கள், எண்ணெய் படிந்தால் நிறம் சரியாக மாறாது. ஒரு கிராம் கிரீமை ஒன்பது கிராம் வாலைவடிநீரில் நன்றாகக் கலக்கி, அந்த நீரில் தாளை நனைத்துப் பாருங்கள்.

வெட்டிவேர்க்காரி, 9 மே 2024

ஐயா, தாள் 6க்கும் 7க்கும் நடுவில் காட்டியதால் நம்பாமல், தோழியிடமிருந்து பிஎச் மானி இரவல் வாங்கி மூன்று டப்பாக்களில் அளந்தேன். மூன்றிலும் 6.4 வந்தது. நிரப்பும்போது கிரீம் 60 பாகை செல்சியசை ஒட்டி இருந்தது. சூடாக இருந்தால் எளிதாக வழியும், கிருமியும் சாகும் என்று எண்ணி உடனே மூடிவிட்டேன். நான்கு டப்பாக்களில் புள்ளிகள் மூடியில் மட்டுமே இருந்தன. முதலில் திரும்பி வந்த டப்பாவில், விரல் பட்டுப் பள்ளமான இடத்தின் விளிம்பிலும் ஒரு புள்ளி இருந்தது.

பழைய ஆய்வகம், 9 மே 2024

இரண்டு தனித்தனித் தவறுகள் ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது பிஎச். சோடியம் பென்சோயேட் என்பது பென்சோயிக் அமிலத்தின் உப்பு. நீரில் கரைந்ததும் அதில் ஒரு பகுதி அமில வடிவிலும் மற்றது மின்னூட்டம் பெற்ற வடிவிலும் நிற்கும். பூஞ்சணத்தின் செல்சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்து வேலை செய்வது அமில வடிவம் மட்டுமே. மின்னூட்டம் பெற்றது வாசலிலேயே நின்றுவிடும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கிரீமின் பிஎச்தான். பிஎச் 4.2 என்றால் சரிபாதி. அதற்கு மேலே ஏற ஏற அமிலப் பங்கு மிக விரைவாகச் சரியும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நீங்கள் போட்ட 2.5 கிராம் பென்சோயேட் முழுவதும் அமிலமானால் 2.1 கிராம் கிடைக்கும். ஆனால் பிஎச் 6.4இல் அதில் 100க்கு ஒன்றுகூட அமில வடிவில் இல்லை. 500 கிராம் கிரீமுக்கும் சேர்த்து ஏறத்தாழ 13 மில்லிகிராம்தான் வேலை செய்யும் நிலையில் இருந்தது. அதே கிரீமை 4.8க்கு இறக்கியிருந்தால் 420 மில்லிகிராம் வேலை செய்திருக்கும். ஒரு துளி பென்சோயேட் கூடுதலாகப் போடாமலேயே முப்பது மடங்குக்கு மேல் வேறுபாடு வருகிறது. உங்களுக்கு விற்றவர் அளவைச் சொன்னார், பிஎச்சைச் சொல்லவில்லை.

இரண்டாவது, மூடி. 60 பாகையில் மூடினால் ஆவி மூடியில் மோதிக் குளிர்ந்து துளிகளாக நிற்கும். அந்தத் துளி வாலைவடிநீரைப் போன்றது. பென்சோயேட் ஆவியாகி மேலே போகாது என்பதால் அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. நம் வீட்டுக் காற்றில் வித்துகளுக்குப் பஞ்சமே இல்லை. முதல் புள்ளிகள் மூடியில் தோன்றியதற்குக் காரணம் இதுதான். ஆனால் விரல் பட்ட இடத்திலும் ஒரு புள்ளி வந்திருப்பதால், மூடியை மட்டும் சரிசெய்து தப்பிக்க முடியாது.

தேன்மெழுகு அவர்களுக்கு: தண்ணீர்தான் தொடக்கம் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பாமில் நீர் இல்லாததால்தான் உங்களுக்குப் பூஞ்சணம் வரவில்லை. வைட்டமின் ஈயால் அன்று. அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும், ஒரு கிருமியையும் கொல்லாது. கிரேப்ஃபுரூட் விதைச் சாறாக விற்கப்பட்ட சில பொருள்களை ஆய்வகங்கள் பிரித்துப் பார்த்தபோது, கிருமியைக் கொன்றது அவற்றில் கலந்திருந்த பென்சித்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்தான் என்று தெரியவந்தது. அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் நம்பி இறங்குவது எனக்கு உடன்பாடில்லை.

உட்லண்ட்ஸ்வாசி, 10 மே 2024

என் கிரீமும் கெட்டுவிட்டது. நான் பாதாம் எண்ணெயும் ஷியா வெண்ணெயும் மட்டும் அடித்துச் செய்தேன். மூன்று மாதத்தில் பழைய நிலக்கடலை வாடை வருகிறது, புள்ளி எதுவும் இல்லை. நானும் பென்சோயேட் போட்டுப் பிஎச்சைக் குறைக்க வேண்டுமா?

பழைய ஆய்வகம், 10 மே 2024

வேண்டாம். உங்களுடையதில் நீர் இல்லை, ஆகவே அளப்பதற்குப் பிஎச்சும் இல்லை. அது எண்ணெய் காற்றோடு சேர்ந்து சிக்கடித்த வாடை. வைட்டமின் ஈ பயன்படும் இடம் அதுதான். வெட்டிவேர்க்காரி சொன்ன ஈரத்துண்டு வாடை வேறு வகை.

வெட்டிவேர்க்காரி, 12 மே 2024

இரண்டு நாளாக இதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். வெட்டிவேர் நீரை இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன், டப்பாக்களை 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைத்தேன். தொடக்கத்தில் எல்லாம் தூய்மையாக இருந்தால் உள்ளே பிரிசர்வேட்டிவ் வலுவில்லாமல் இருந்தாலும் சில மாதங்கள் தாங்கியிருக்க வேண்டாமா?

பழைய ஆய்வகம், 12 மே 2024

கொதிக்கவைத்தால் வளரும் நிலையிலுள்ள கிருமிகள் சாகும். ஆனால் வெட்டிவேர் மண்ணுக்குள்ளிருந்து வருவது. மண்ணில் வாழும் பசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருந்து, நீர் ஆறியதும் முளைக்கும். வேரிலிருந்து இறங்கிய சத்து அவற்றுக்கு உணவாகிறது. எனவே நீங்கள் ஊற்றியது வெறும் நீர் அன்று, ஒரு மெல்லிய ரசம். அதன்பிறகு டப்பாவைத் திறந்து விரலை விடும் ஒவ்வொரு முறையும் புதிய கிருமி உள்ளே போகிறது. பிரிசர்வேட்டிவின் வேலை செய்யும் நாளோடு முடிவதில்லை, கடைசிக் கரண்டி தீரும் வரைக்கும் தொடர்கிறது.

இன்னொன்றையும் கருத்தில் கொள்ளுங்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே நாம் எச்சரிக்கை அடைகிறோம். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஒரு கிராமில் பல இலட்சமாகப் பெருகியிருந்தாலும் கிரீம் வெள்ளையாக, மணமாக, அப்படியே இருக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மீதமுள்ள ஒன்பது டப்பாக்களை யாருக்கும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

வெட்டிவேர்க்காரி, 12 மே 2024

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டப்பாவைத் துடைத்தது பற்றி ஒரு திருத்தம்: ஆல்கஹாலைத் தடவிய உடனே துணியால் துடைத்து உலர்த்திவிட்டேன், அது காய்வதற்கு நேரம் கொடுக்கவில்லை.

பாசிர் ரிஸ் அக்கா, 15 மே 2024

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் என் பழைய முறைக் கிரீமில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பிஎச்சைக் குறைத்தேன். கால் மணி நேரத்தில் கிரீம் தயிர் திரிந்தது போல் திரிந்து, அடியில் நீர் நின்றது. நான் போடுவது ஸ்டியரிக் அமிலமும் டிரைஎத்தனாலமினும். வெட்டிவேர்க்காரிக்கும் இப்படி ஆகுமா, தம்பி?

பழைய ஆய்வகம், 15 மே 2024

அவருக்கு ஆகாது, அக்கா. உங்கள் கிரீமில் எண்ணெயையும் நீரையும் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைச் சோப்பு. ஸ்டியரிக் அமிலமும் டிரைஎத்தனாலமினும் சேர்ந்து அந்தச் சோப்பு உண்டாகிறது. அமிலம் விட்டால் சோப்பு மீண்டும் கொழுப்பு அமிலமாகிப் பிடியை விட்டுவிடும். அத்தகைய கிரீம் பிஎச் 7க்கு மேல்தான் நிற்கும், ஆகவே அதற்குப் பென்சோயேட் எந்த நாளும் பொருந்தாது. பிஎச்சைச் சாராத வேறு பிரிசர்வேட்டிவ் வேண்டும், அல்லது பால்மமாக்கியையே மாற்ற வேண்டும். வெட்டிவேர்க்காரி போடும் வாக்ஸ் மின்னூட்டம் இல்லாதது, 4.8ஐத் தாங்கும். எலுமிச்சைச் சாற்றையும் விட்டுவிடுங்கள். அதில் சர்க்கரையும் சதையும் இருக்கின்றன, ஒவ்வொரு பழத்திலும் புளிப்பு மாறும். சிட்ரிக் அமிலத்தை நிறுத்துப் போடுவதே நம்பகமானது.

தேன்மெழுகு, 16 மே 2024

வைட்டமின் ஈ பற்றி நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன், ஏற்கிறேன். ஆனால் தேன் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லையே. கிரீமில் 5 விழுக்காடு தேனும் 10 விழுக்காடு கிளிசரினும் சேர்த்தால் அவையே காக்காதா?

பழைய ஆய்வகம், 16 மே 2024

தேன் கெடாததற்கு முக்கியக் காரணம், அதிலுள்ள சிறிதளவு நீரையும் சர்க்கரை இறுகப் பிடித்து வைத்திருப்பது. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அதே தேனை முக்கால் பங்கு நீருள்ள கிரீமில் விட்டால் பிடி தளர்ந்து, அது கிருமிக்கு விருந்தாகிவிடும். கிளிசரினும் அப்படியே. நீரைவிட மிகுதியாக ஊற்றினால் காக்கத் தொடங்கும், ஆனால் அப்போது பூசும் கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

வெட்டிவேர்க்காரி, 2 ஜூன் 2024

நேற்று இரண்டாம் முறை செய்தேன். ஐயா தனிச்செய்தியில் சொன்ன ஒரு திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்: பென்சோயேட் பூஞ்சணத்துக்கும் ஈஸ்ட்டுக்கும் எதிராக வலுவானது, பாக்டீரியாவுக்கு எதிராக அவ்வளவு வலுவில்லை என்பதால், பீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சைல்கிளிசரினும் 9க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து விற்கும் திரவத்தை ஒரு விழுக்காடு, அதாவது 5 கிராம், சேர்த்தேன். அந்த அளவு நீரில் குறைத்தேன். பீனாக்சிஎத்தனாலுக்கு ஆசியான் விதிகளில் உச்ச அளவு ஒரு விழுக்காடு. இந்தக் கலவையில் 0.9தான் வருகிறது.

நீர்ப்பகுதியையும் எண்ணெய்ப்பகுதியையும் தனித்தனியே 75 பாகைக்குச் சூடாக்கிக் கலந்து, 40 பாகைக்குக் கீழே இறங்கும்வரை கிளறிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகே அந்தத் திரவத்தையும் நறுமண எண்ணெயையும் விட்டேன். 2 கிராம் சிட்ரிக் அமிலத்தை 8 கிராம் வாலைவடிநீரில் கரைத்து வைத்து, அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு கிராம் எடுத்து ஒன்பது கிராம் நீரில் கரைத்து அளந்தேன். தொடக்கத்தில் 6.3 இருந்தது. 2 கிராமுக்குச் சற்று மேல் கரைசல் போனதும் 4.8இல் நின்றது. கிரீம் திரியவில்லை, சற்று நெகிழ்ந்தது மட்டுமே.

டப்பாக்களில் ஆல்கஹாலை விட்டுத் தானாகக் காயவைத்தேன். கிரீம் அறைச்சூட்டுக்கு வந்த பிறகு நிரப்பி மூடினேன். இன்று காலை ஆறு மூடிகளைத் திறந்து பார்த்தேன், ஒன்றில்கூடத் துளி இல்லை.

ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. வெட்டிவேர் நீரை விட மனமில்லாமல் 300 கிராம் கிரீமை அதைக்கொண்டும், 200 கிராமை வெறும் வாலைவடிநீரும் வெட்டிவேர் எண்ணெயும் கொண்டும் செய்தேன். இரண்டும் 4.8இல் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது என்று காலம் சொல்லட்டும்.

பாசிர் ரிஸ் அக்கா, 3 ஜூன் 2024

பீனாக்சிஎத்தனால் போட்ட கிரீமை என் பேத்திக்குத் தடவ எனக்கு மனம் வராது.

பழைய ஆய்வகம், 3 ஜூன் 2024

அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். கைக்குழந்தைக்கு நீரே இல்லாத பாம் செய்துகொடுப்பது இருவருக்கும் நிம்மதி. ஆனால் நீருள்ள கிரீமைப் பாதுகாப்பு இல்லாமல் குழந்தைக்குத் தடவுவது பீனாக்சிஎத்தனால் போட்டதைத் தடவுவதைவிடக் கேடானது.

என் பழைய பதிவுக்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். மே 9 அன்று நான் போட்ட 420 மில்லிகிராம் கணக்கு, எல்லாம் நீரிலேயே இருக்கும் என்று கொண்டு போட்டது. கிரீமில் எண்ணெயும் இருப்பதால் அமில வடிவத்தில் ஒரு பங்கு எண்ணெய்க்குள் போய்விடும், கிருமி வாழ்வதோ நீரில். உண்மையான அளவு அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது உங்கள் எண்ணெயையும் அதன் அளவையும் பொறுத்தது. அதைக் கணக்கால் கண்டுபிடிக்க முயலாமல் சோதித்துப் பார்ப்பதே வழி.

வெட்டிவேர்க்காரி, 20 ஜூலை 2024

ஏழு வாரம் ஆகிறது. இரண்டு வகையிலும் மூன்று டப்பாக்கள் வீதம் எடுத்து, ஒன்றை மூடியே வைத்தேன், ஒன்றை நாள்தோறும் கழுவாத விரலால் தொட்டேன், ஒன்றைக் குளியலறையில் வைத்தேன். ஆறிலும் புள்ளியோ வாடையோ இல்லை. தனியார் ஆய்வகம் ஒன்றுக்கு விரல் தொட்ட இரண்டையும் அனுப்பினேன். இரண்டிலும் ஒரு கிராமுக்கு 10க்கும் குறைவான நுண்ணுயிர்கள் என்று வந்தது. பொதுவான கிரீமுக்கு உச்ச அளவு 1000 என்று சொன்னார்கள். இனி விற்கலாம் என்று கொள்ளலாமா?

பழைய ஆய்வகம், 20 ஜூலை 2024

நல்ல செய்தி. ஆனால் இந்த எண் அந்த டப்பாவில் அன்று எத்தனை கிருமி இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. பெருமளவில் கிருமி நுழைந்தால் கிரீம் அதைக் கொல்லுமா என்பதை அறிய வேறு சோதனை உண்டு. ஐஎஸ்ஓ 11930 என்ற முறையில் மூன்று பாக்டீரியா, ஒரு ஈஸ்ட், ஒரு பூஞ்சணம் ஆகியவற்றைத் தெரிந்த அளவில் வேண்டுமென்றே கிரீமில் விட்டு, 28 நாள் வரை அவை எவ்வளவு குறைகின்றன என்று எண்ணுவார்கள். செலவு கூடுதல்தான், எனவே கலவையை முடிவு செய்த பிறகு ஒரே முறை கொடுங்கள். அதன்பின் ஒரு பொருளை மாற்றினாலும் பழைய சான்று செல்லாது.

விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பொருளை அறிவிக்கவும் வேண்டும். கலவை விவரங்களும் பாதுகாப்பு விவரங்களும் அடங்கிய கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும். டப்பாவில் தொகுதி எண் இல்லாமல் ஒன்றையும் வெளியே விடாதீர்கள். ஏப்ரலில் 14 டப்பாக்களையும் உங்களால் திரும்பப் பெற முடிந்தது, வாங்கியவர்கள் எல்லாரையும் தெரிந்திருந்ததால்தான்.

பிஎச்சை மறுபடி அளந்தீர்களா?

வெட்டிவேர்க்காரி, 21 ஜூலை 2024

அளக்கவில்லை ஐயா. இன்று அளந்தேன். வாலைவடிநீர்க் கிரீம் 4.8. வெட்டிவேர் நீர்க் கிரீம் மூன்று டப்பாவிலும் 5.2.

பழைய ஆய்வகம், 21 ஜூலை 2024

5.2இல் பென்சோயேட்டின் வேலைத்திறன் 4.8இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. இன்னும் பீனாக்சிஎத்தனால் துணை நிற்கிறது, ஆகவே இன்றே கெட்டுவிடாது. ஆனால் ஏறுவது நிற்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மானியை 4 மற்றும் 7 என்ற இரண்டு தாங்கல் கரைசல்களிலும் சரிபார்த்தீர்களா?

தேன்மெழுகு, 22 ஜூலை 2024

வேர் நீரை விட்டுவிட்டால் அது வெட்டிவேர் கிரீமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. தேக்காவில் வாங்கும் வேரின் மணம் எண்ணெயில் வருவதில்லை.

வெட்டிவேர்க்காரி, 18 ஆகஸ்ட் 2024

மானியைச் சரிபார்த்து மறுபடி அளந்தேன். வாலைவடிநீர்க் கிரீம் 4.8இலிருந்து அசையவில்லை, வேர் நீர்க் கிரீம் 5.4. வேரைப் பாதாம் எண்ணெயில் இரண்டு வாரம் ஊறவைத்து, நீர்ப்பகுதியை வாலைவடிநீராகவே வைத்து மூன்றாம் முறை செய்திருக்கிறேன். எண்ணெயில் ஈரம் தங்காதபடி வேரை வெயிலில் நொறுங்கும்வரை உலர்த்தினேன். மணம் பாதி வருகிறது. தீபாவளிச் சந்தையில் இந்த ஆண்டு கடை போடவில்லை. மூன்றாம் கலவையின் 12 டப்பாக்களும் தொகுதி எண் ஒட்டி அலமாரியில் இருக்கின்றன. முதல் டப்பாவை இன்று விரலால் தொடத் தொடங்கியிருக்கிறேன்.